நான் ஆட்டவில்லை, தானாக ஆடுகிறது

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளும், நூலில் கட்டிய ஒரு நட்டும் கொடுத்திருப்பார்கள். நட்டு சைக்கிள் கடையில் வாங்கியது. நூல் சாதாரணத் தையல் நூல், 25 சென்டிமீட்டர் நீளம். தாளில் ஒரு வட்டம் வரைந்திருக்கிறது, அதற்குள் கூட்டல் குறி போல இரண்டு கோடுகள். பேச்சைத் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுவோம். தாளை மேசைமேல் வையுங்கள். நூலின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நட்டு அந்தக் கூட்டல் குறியின் நடுவுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை எதன்மேலும் ஊன்றியிருக்கக் கூடாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கையை அசைக்காதீர்கள். உங்கள் நெஞ்சிலிருந்து எதிரே போகும் கோட்டைப் பார்த்துக்கொண்டே, நட்டு அந்தக் கோட்டில் முன்னும் பின்னும் போவதாக மனத்தில் நினையுங்கள். நினைத்தால் போதும்.

ஒரு நிமிடம் ஆகிறது. பலருக்கு ஆடத் தொடங்கிவிட்டது. இனி குறுக்குக் கோட்டைப் பாருங்கள். நட்டு இடமும் வலமுமாகப் போவதாக நினையுங்கள். கொஞ்சம் தடுமாறும், வட்டமடிக்கும், பிறகு திரும்பும். மூன்றாவது மேசையில் இருக்கும் அம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டிருக்கும். "சார், நான் ஆட்டவே இல்ல, தானா ஆடுது."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. இன்று நான் பேசப் போவது முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். மோதிரத்தை நூலில் கட்டிக் கர்ப்பிணியின் வயிற்றுக்கு மேல் பிடித்து ஆணா பெண்ணா என்று பார்ப்பவரும், எழுத்துப் பலகையில் தம்ளரைத் தொட்டுக்கொண்டு ஆவியை அழைப்பவரும், பேனாவைப் பிடித்த கை தானாக எழுதுகிறது என்பவரும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் உண்மையாகவே சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது எளிது. உண்மையானவர்களின் கை எப்படி நகர்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடித்தவர்கள் செய்த சோதனைகளைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப் போகிறேன்.

முதலில் நட்டின் கணக்கு. 25 சென்டிமீட்டர் நூலில் தொங்கும் ஊசல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். நூலைப் பிடித்திருக்கும் விரல் அதே வினாடிக் கணக்கில் நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் இப்படியும் அரை மில்லிமீட்டர் அப்படியும் அசைந்தால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நட்டின் வீச்சு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கூடும். இருபது வினாடியில் அது மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இது தெரியும். சரியான நேரத்தில் விரல் நுனியால் தொட்டால் போதும், ஊஞ்சல் உயரே போகும். அரை மில்லிமீட்டர் என்பது தடித்த அட்டையின் கனம். நீட்டிய கை எப்போதுமே அந்த அளவுக்கு நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த அசைவு கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. நட்டின் ஆட்டம் மட்டும் தெரியும். காரணம் மறைந்து காரியம் மட்டும் கண்முன் நிற்பதால்தான் "தானா ஆடுது" என்கிறோம்.

ஆனால் வெறும் நடுக்கம் என்றால் நட்டு கண்டபடி அல்லவா ஆட வேண்டும்? நீங்கள் நினைத்த கோட்டில் ஏன் ஆடியது? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர் மிஷேல் யூஜின் ஷெவ்ருல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கொழுப்புகளின் வேதியியலை முறைப்படுத்தியவர், பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், 102 வயதுவரை வாழ்ந்தவர். அவர் காலத்தில் ஊசல் ஆராய்ச்சி என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு. உலோகங்களுக்கு மேலும் தண்ணீருக்கு மேலும் ஊசல் தானாக ஆடும், ஏதோ ஒரு சக்தி அதை இழுக்கிறது என்று நம்பினார்கள். ஷெவ்ருல் 1812 வாக்கில் தானே பிடித்துப் பார்த்தார். சணல் நூலில் இரும்பு வளையம், கீழே ஒரு கிண்ணத்தில் பாதரசம். ஆடியது. வளையத்துக்கும் பாதரசத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார். ஆட்டம் நின்றது. எடுத்தார். மறுபடி ஆடியது. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் புதிய சக்தியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஊரைக் கூட்டியிருப்பார்.

அவர் கூட்டவில்லை. தன் கைக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். முதலில் தோளுக்கு அருகில் வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விரல்களை நோக்கி நகர்த்தினார். முட்டு விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது. விரல்களே கட்டையின்மேல் படிந்தபோது ஆட்டம் நின்றுவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள். முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். பிறகு இரண்டு தடித்த புத்தகங்களை அடுக்கி மணிக்கட்டையும் விரலையும் அதன்மேல் படிய வைத்து, நூலை ஓரத்தில் தொங்க விடுங்கள். எவ்வளவு நினைத்தாலும் நட்டு சும்மா தொங்குகிறது பாருங்கள். பாதரசத்திலிருந்து வரும் சக்தியாக இருந்தால், தோளுக்குக் கொடுத்த முட்டு அதை என்ன செய்யும்?

அடுத்து அவர் செய்ததுதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் திறவுகோல். கண்ணைக் கட்டிக்கொண்டார். உதவியாளர் ஒருவர் அவருக்குத் தெரியாமல் கண்ணாடித் தகட்டை வைத்தார், எடுத்தார். ஊசலில் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஊசல் நிற்கிறது. கண்ணாடிக்குத் தடுக்கும் சக்தி இல்லை, "கண்ணாடி வைத்தால் நிற்கும்" என்ற எதிர்பார்ப்புக்குத்தான் அந்தச் சக்தி இருந்தது. ஒரு அசைவைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அது நடக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்தால், அந்த அசைவைச் செய்யும் நாட்டம் உடம்பில் தானாகப் பிறக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஆம்பியருக்கு எழுதிய கடிதமாக இதை 1833இல் வெளியிட்டார். மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே ஆம்பியர்தான்.

இதற்குப் பெயர் வைத்தவர் வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கில உடலியலாளர். 1852இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசும்போது, எண்ணமே தசையை இயக்குவதை 'ஐடியோ-மோட்டார்' என்று குறித்தார். நாம் எண்ண இயக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். விருப்பம் இல்லாமலே, ஆணை இல்லாமலே, ஒரு அசைவைப் பற்றிய எண்ணம் அந்த அசைவின் சிறு கீற்றைத் தசைக்கு அனுப்பிவிடுகிறது. பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், எதிரே லாரி வந்ததும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை அழுத்துகிறாரே, அது இந்த இனம்தான்.

"அசையக் கூடாது என்று உறுதியாக இருந்தேனே" என்பீர்கள். அது உதவாது, கெடுக்கும். டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஊசலைக் குறிப்பிட்ட ஒரு திசையில் மட்டும் போக விடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். விலக்கச் சொன்ன அந்தத் திசையிலேயே அது போக முனைந்தது. மனத்துக்கு வேறு வேலையும் கொடுத்து, ஆயிரத்திலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னபோது இன்னும் அதிகமாகப் போனது. ஒன்றைச் செய்யாதே என்று நினைப்பதற்கும் முதலில் அதை நினைத்தாக வேண்டுமே.

இதே எண்ண இயக்கத்தை நம் ஊரிலும் பார்க்கலாம். கிணறு வெட்டும் முன், போர் போடும் முன், நீரோட்டம் பார்ப்பவரை அழைக்கிறோம். வேப்பங்கவட்டையை இரு கையாலும் விரித்துப் பிடித்து நடக்கிறார், ஓர் இடத்தில் அது வெடுக்கென்று கீழே இழுக்கிறது. சிலர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடக்கிறார்கள், அது எழுந்து நிற்கிறது. ஊசலில் சிறு அசைவு சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது. கவட்டையில் வேறு வழி. அதை வில்லைப் போல விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், மணிக்கட்டு மயிரிழை திரும்பினால் அந்த விறைப்பு முழுவதும் ஒரே நொடியில் விடுபடுகிறது. பிடித்தவர் கையில் தோல் உரியும் அளவுக்கு இழுப்பது உண்டு. அவருக்கு அது வெளியிலிருந்து வரும் இழுப்பாகவே தெரியும். வயலின் பள்ளமும் பசுமையும் பக்கத்துக் கிணறும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆவிகள் பக்கம் வருவோம். 1853ஆம் ஆண்டு லண்டனில் மேசை சுழற்றுவது ஒரு காய்ச்சலாகவே பரவியிருந்தது. ஐந்தாறு பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை லேசாக மேலே வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுழலும், சுற்றி இருப்பவர்கள் எழுந்து அதன் பின்னே ஓட வேண்டி வரும். ஆவி என்றார் சிலர், மின்சாரம் என்றார் சிலர். மின்சாரம் என்று பேச்சு வந்ததும் மைக்கேல் ஃபாரடேயிடம் கேள்விகள் குவிந்தன. மின்காந்தத் தூண்டலைக் கண்டவர் அவர்தான். இதற்கு நேரம் செலவிட வேண்டியிருந்தது அவருக்கு வருத்தம். ஆனாலும் செய்தார். அந்த வருடம் ஜூன் கடைசியில் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், ஜூலை தொடக்கத்தில் அதீனியம் இதழில் சோதனையை விவரித்தார்.

அவர் தேர்ந்தெடுத்தவர்கள் நாணயமானவர்கள், மேசை நகர வேண்டும் என்று விரும்பியவர்கள், ஏற்கனவே நகர்த்திக் காட்டியவர்கள். ஒரு நல்ல சோதனைக்கு இது முக்கியம். நம்பாதவர்களை உட்கார வைத்து, "நகரவில்லை பார்" என்பதில் பயன் இல்லை.

பிறகு அவர் ஒரு அட்டை அடுக்கைச் செய்தார். தபால் அட்டை போன்ற பல அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மெழுகும் டர்பன்டைனும் கலந்த மெத்தென்ற பசை உருண்டைகள். இந்தப் பசை அட்டைகளை ஒட்டிப் பிடித்திருக்கும், ஆனால் தொடர்ந்து தள்ளினால் மெல்ல இளகிக் கொடுக்கும். அடியில் உள்ள அட்டை மேசையோடு நகரும்படி உப்புத்தாளின்மேல் இருந்தது. அட்டைகளின் பழைய இடம் தெரியும்படி பென்சில் கோடு போட்டு வைத்தார். மேலே கை.

இதில் ஃபாரடேயின் அறிவைப் பாருங்கள். இரண்டே வழிதான் உண்டு. மேசை தானாக இடப்பக்கம் நகர்ந்து கையை இழுத்துப் போனால், அடி அட்டை முந்தியிருக்கும், மேல் அட்டை பின்தங்கியிருக்கும். கை மேசையைத் தள்ளியிருந்தால் மேல் அட்டை முந்தியிருக்கும். யாரையும் விசாரிக்க வேண்டாம், யார்மேலும் சந்தேகப்பட வேண்டாம், அட்டையைப் பார்த்தால் போதும். மேசை நகர்ந்தது. அடுக்கைப் புரட்டிப் பார்த்தார். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. கை முதலில், மேசை பிறகு.

அதோடு விடவில்லை. இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகள் வைத்து, கை பக்கவாட்டில் துளி தள்ளினாலும் நீளமான ஒரு துரும்பு முள் சாய்ந்து காட்டும்படி ஒரு கருவி செய்தார். முள்ளை மறைத்து வைத்தபோது கைகள் வழக்கம்போல் தள்ளின. முள்ளை உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேரே வைத்தபோது தள்ளுவது நின்றது, மேசை அசையவே இல்லை. யாரும் அவர்களைக் கண்டிக்கவில்லை. தன் கை தள்ளுகிறது என்ற செய்தி கண் வழியாக வந்ததுமே கை திருந்திவிட்டது. இந்தக் கருவியின் மிகப் பெரிய மதிப்பு, உட்கார்ந்திருப்பவருக்கே அவர் மனத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் என்ற பொருளில் ஃபாரடே எழுதினார். நான் படித்த அறிவியல் சோதனைகளில் மனிதர்மேல் இவ்வளவு மரியாதையோடு செய்யப்பட்டது வேறொன்று எனக்கு நினைவில்லை.

மேசை சுருங்கிப் பிளான்செட் ஆனது, சக்கரமும் பென்சிலும் பொருத்திய இதய வடிவப் பலகை. பிறகு எழுத்துப் பலகை வந்தது. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒய்ஜா என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை வாங்கி விளையாட்டுப் பொருளாக விற்றார்கள். கல்லூரி விடுதிகளுக்கு அது தம்ளராகவும் நாணயமாகவும் வந்து சேர்ந்தது.

நான் படித்த விடுதியில் 1983ஆம் ஆண்டு தேர்வு விடுமுறைக்கு முன் ஒரு வாரம் இது நடந்தது. சார்ட் தாளில் வட்டமாக ஆங்கில எழுத்துகள், நடுவில் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளர், ஒரு மெழுகுவர்த்தி, நான்கு விரல்கள். தமிழில் 247 எழுத்தை வட்டத்தில் எழுத முடியாது என்பதால் ஆங்கிலம். நண்பன் ஒருவன் இறந்துபோன தன் அப்பத்தாவை அழைத்தான். தம்ளர் நகர்ந்தது. அவனை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டியது. அவன் அழுதுவிட்டான். அன்றிரவு யாரும் தூங்கவில்லை. நானும் விரல் வைத்திருந்தேன், நான் தள்ளவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன். பல வருடம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அவனுடைய அப்பத்தாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. அந்த ஆங்கில எழுத்துகளைத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இருந்த நாங்கள்தான்.

நான்கு பேர் விரல் வைக்கும்போது ஊசலில் இல்லாத ஒன்று சேர்கிறது. தம்ளர் நகர்வதற்கு மற்ற மூவர் காரணமாக இருக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. அதனால் தன் பங்கு தனக்குத் தெரிவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பலகையில் உட்கார்ந்தவர்களின் கண் அசைவைக் கருவி வைத்துப் பதிவு செய்து 2018இல் வெளியிட்டார்கள். இருவரும் சேர்ந்து ஆடும்போது, அடுத்து வரப்போகும் எழுத்தை இருவரில் ஒருவருடைய கண்ணாவது முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிடுகிறது. சொல்லின் தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு மூன்று எழுத்து விழுந்ததும் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகம் பிறக்கிறது, ஊகம் கண்ணுக்குப் போகிறது, கண் போன இடத்துக்கு விரல் போகிறது. என் நண்பனின் செல்லப்பெயரில் முதல் எழுத்து தற்செயலாக விழுந்திருக்கலாம். மீதியை அவன் ஏக்கம் எழுதியது.

இதைச் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். எல்லோர் கண்ணையும் கட்டுங்கள். பிறகு சத்தமில்லாமல் பலகையைத் தலைகீழாகத் திருப்புங்கள். 'ஆம்' என்ற சொல் முன்பு எங்கே இருந்ததோ அந்த வெற்றிடத்துக்குத்தான் தம்ளர் போகும். ஆவிக்குப் பலகை தெரியுமானால் அது புதிய இடத்துக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

தானாக எழுதும் பேனா இன்னும் ஆழமானது. இதில் ஒரு எழுத்துக்கு ஓர் ஊகம் என்ற கணக்கு இல்லை. பக்கம் பக்கமாக வருகிறது, எழுதுபவருக்கே தெரியாத கதைகள் வருகின்றன. ஜெனீவாவில் ஹெலன் ஸ்மித் என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஒரு பெண் இருந்தார். கடையில் வேலை பார்த்தவர், காசு வாங்காமல் ஆவி அமர்வுகள் நடத்தியவர். மயக்க நிலையில் அவர் கை செவ்வாய்க் கிரகத்து மொழியை அதற்கே உரிய எழுத்துகளில் எழுதியது. முற்பிறவியில் கன்னட நாட்டில் ஒரு நாயக்க மன்னனின் மனைவியாக இருந்ததாகச் சொல்லிச் சமஸ்கிருதம் போன்ற ஒன்றைப் பேசினார். தெயோதோர் ஃப்ளூர்னுவா என்ற உளவியல் பேராசிரியர் ஏறக்குறைய ஐந்து ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து 1900இல் புத்தகமாக எழுதினார்.

செவ்வாய் மொழியின் சொற்கள் எந்த மொழியிலும் இல்லாதவை. ஆனால் வரிசை அப்படியே பிரெஞ்சு. ஃப்ளூர்னுவா கண்ட ஒன்றைத் தமிழ் வாசகருக்கு எளிதாகச் சொல்லலாம். நாம் 'மணி' என்பதோடு 'அடித்தது' என்பதைச் சேர்க்கும்போது நடுவே ஒரு 'ய்' வருகிறதே, உடம்படுமெய், அதற்குத் தனியே பொருள் கிடையாது, ஓசைக்காக வருவது. பிரெஞ்சிலும் வினைக்கும் 'அவன்' என்ற சொல்லுக்கும் நடுவே சில இடங்களில் ஓசைக்காக ஒரு எழுத்து நுழையும். செவ்வாய் மொழியிலும் அதே இடத்தில் ஒரு எழுத்து நுழைந்திருந்தது! கோடிக்கணக்கான மைல் தொலைவில் உள்ளவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர் நாக்கின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு எதற்கு? இந்திய மன்னன் கதைக்கும் மூலம் கிடைத்தது. மறந்துபோன ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் பழைய இந்திய வரலாற்று நூலில் அந்தப் பெயர்கள் இருந்தன, அந்த நூல் ஜெனீவா நூலகத்திலேயே இருந்தது.

ஹெலன் ஸ்மித் ஏமாற்றினார் என்று ஃப்ளூர்னுவா சொல்லவில்லை. எப்போதோ கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும், நினைவென்று தெரியாமலே உள்ளே தங்கி, கதையாக வளர்ந்து, கை வழியாக வெளியே வந்தது என்றார். கனவு காணும்போது அதன் கதையை நாமே இயற்றுகிறோம், ஆனாலும் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கே தெரிவதில்லை. பேனா பிடித்த கனவு என்று இதைச் சொல்லலாம். உள்ளே இருப்பது வாய்க்கு வராமல் கைக்கு வருவதும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஆய்வில், ஆம் இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளில் "தெரியாது, குத்துமதிப்பாகச் சொல்கிறேன்" என்றவற்றில் வாயால் சொன்ன பதில் ஐம்பது சதவீதமே சரியாக இருந்தது, பலகை வழியே வந்த பதில் 65 சதவீதம் சரியாக இருந்தது. கண்ணைக் கட்டியிருந்த அவர்கள் எதிரே இன்னொருவரும் கை வைத்திருப்பதாக நம்பினார்கள். அவர் சத்தமில்லாமல் கையை எடுத்துவிட்டிருந்தார். பலகையை நகர்த்தியது அவர்கள் மட்டும்தான்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் பெரிய கேடு இல்லை. இனிச் சொல்லப் போவதற்காகத்தான் இந்தப் பேச்சை ஒத்துக்கொண்டேன்.

பேச வராத குழந்தையின் கையை அல்லது மணிக்கட்டை ஓர் உதவியாளர் தாங்கிப் பிடித்து, எழுத்துப் பலகையில் தட்டச்சு செய்ய வைக்கும் முறை ஒன்று ஆஸ்திரேலியாவில் 1970களில் பிறந்தது. 1990இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லன் எழுதிய கட்டுரைக்குப் பின் அமெரிக்கா முழுவதும் பரவியது. ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், "அம்மா, உன்னை நேசிக்கிறேன்" என்று எழுதினார்கள். இருபது வருடம் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த தாயின் நிலையை நினைத்துப் பாருங்கள். கையைப் பிடித்தவர்கள் ஆசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், தொண்டுள்ளம் கொண்டவர்கள்.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் இருந்த ஓ.டி. ஹெக் மையத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1993இல் வெளியானது. அங்கிருந்தவர்களும் இந்த முறையை நம்பியவர்களே, சந்தேகப்படுவோரின் வாயை அடைக்கத்தான் சோதனை. மாணவரும் உதவியாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்வார்கள், நடுவே தடுப்பு. அவரவருக்கு அன்றாடப் பொருளின் படம் ஒன்று காட்டப்படும். சிலமுறை இருவருக்கும் ஒரே படம், சிலமுறை வேறு வேறு படம். உதாரணமாக மாணவருக்குச் சாவி, உதவியாளருக்குக் கோப்பை. பன்னிரண்டு பேரைச் சோதித்தார்கள். படங்கள் வேறுபட்ட எந்த முறையும் மாணவர் பார்த்த படத்தின் பெயர் வரவில்லை. எழுதப்பட்டவை உதவியாளர் கண்ட படங்கள். ஃபாரடேயின் அட்டை அடுக்கை இங்கே வேறு உருவில் பார்க்கிறீர்கள். எது முந்துகிறது என்று கேட்கும் அதே கேள்விதான்.

மேன் மாநிலத்தில் ஜானிஸ் பாயின்டன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்தார். தன் தந்தை தன்னிடம் தகாதபடி நடந்ததாக அந்தப் பெண்ணின் விரல் எழுதியது. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். பாஸ்டனிலிருந்து வந்த ஹோவர்ட் ஷேன் என்ற நிபுணர் அதே தடுப்புச் சோதனையைச் செய்தார். பெண் பார்த்தது ஒன்றுகூட எழுத்தில் வரவில்லை. வந்ததெல்லாம் பாயின்டன் பார்த்தவை. அந்தக் குற்றச்சாட்டை எழுதியதும் அவர் கைதான் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அந்தக் குடும்பம் மறுபடி சேர்ந்தது. பாயின்டன் அந்த முறையை விட்டார், தான் செய்ததை 2012இல் தன் பெயரிலேயே கட்டுரையாக எழுதினார், பிறரை எச்சரிப்பதைத் தன் வேலையாக ஆக்கிக்கொண்டார். தான் தவறு என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் அந்த முறையைக் கையாண்டவர்களில் மிகச் சிலரே. எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பு உண்டு.

தாங்களே எழுதுவது ஏன் அந்த உதவியாளர்களுக்குத் தெரியவில்லை? ஒரு செயலை நாம் செய்தோம் என்று உணர்வதற்கு மூன்று வேண்டும் என்று வெக்னர் சொன்னார். செயலுக்குச் சற்று முன் அந்த எண்ணம் மனத்தில் தெளிவாக வர வேண்டும், எண்ணமும் செயலும் பொருந்த வேண்டும், வேறு யாரும் காரணமாகத் தெரியக் கூடாது. குழந்தையின் கையைப் பிடித்திருக்கும்போது மூன்றாவது இல்லாமல் போகிறது. அந்தக் கை உயிருள்ள கை, அதுவும் அசைகிறது. அடுத்த எழுத்து என்ன என்ற எண்ணம் உதவியாளர் மனத்தில் எழுந்தாலும், "குழந்தை சொல்ல வருவது எனக்குப் புரிகிறது" என்றே அவருக்குத் தோன்றுகிறது. அன்பு அதிகமாக அதிகமாக இந்த மயக்கமும் அதிகமாகிறது.

அமெரிக்க உளவியல் கழகம் 1994இலேயே இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. இன்று கையைப் பிடிக்காமல், எழுத்துப் பலகையை உதவியாளர் காற்றில் பிடித்துக் காட்டும் முறைகள் வந்திருக்கின்றன. கை அசையாவிட்டால் பலகை அசையலாம், உதவியாளரின் தலையும் கண்ணும் குறிப்புக் காட்டலாம். அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் கழகம் 2018இல் இவ்விரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். யாரும் தொடாமல் குழந்தை தானே படத்தைச் சுட்டுவது, டேப்லெட்டில் தானே அழுத்துவது, இவை உண்மையான உதவிகள், இவற்றை நான் குறை சொல்லவில்லை. அந்த நல்ல பயிற்சிக்குப் போக வேண்டிய வருடங்களைத்தான் போலி எழுத்து தின்றுவிடுகிறது.

ஆவி உண்டா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இந்தச் சோதனைகள் அதைத் தொடவும் இல்லை. ஊசலும் தம்ளரும் பேனாவும் பிடித்தவருக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கின்றன என்பதுதான் நிரூபிக்கப்பட்டது.

பேச வராத பிள்ளை உள்ள வீடு உங்கள் உறவிலோ தெருவிலோ இருக்கலாம். கையைப் பிடித்து எழுத வைப்பதாகவோ பலகையைப் பிடித்துப் பேச வைப்பதாகவோ யாராவது அந்தப் பெற்றோரிடம் வந்தால், பணம் கட்டும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். உதவியாளரை வெளியே அனுப்புங்கள். பிள்ளைக்கு ஒரு பொருளைக் காட்டுங்கள், வீட்டில் உள்ள ஏதாவது, ஒரு கரண்டி, ஒரு பந்து. பொருளை மறைத்துவிட்டு உதவியாளரை உள்ளே அழையுங்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பத்துப் பொருள், பத்து முறை. கோபப்படாமல், யாரையும் குற்றம் சொல்லாமல் செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும்.

நூலையும் நட்டையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.